கோட்டை எண்ணாதீர்கள், இடைவெளியை எண்ணுங்கள்: அளவைப் பயிற்றியில் பிள்ளைகள் தடுமாறும் இடம்

நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் பள்ளியிலிருந்து அளவைப் பயிற்றி ஒன்றைக் கொண்டு வருகிறான். அதில் மூன்று படங்கள் உள்ளன. முதல் படத்தில் நீர் ஊற்றிய அளவுச்சாடி, இரண்டாவதில் பழங்கள் வைத்த தராசு, மூன்றாவதில் அடிக்கோலின் மேல் ஒரு பென்சில். ஒவ்வொரு படத்தின் கீழும் "அளவை எழுதுக" என்று ஒரே வரிதான். பெருக்கல் வாய்ப்பாட்டை மனப்பாடமாகச் சொல்லும் பிள்ளை, வகுத்தல் கணக்கைத் தவறின்றிச் செய்யும் பிள்ளை, இந்த மூன்றையும் தவறாக எழுதி வைத்திருக்கிறான். பார்க்கும் பெற்றோருக்கு வியப்பாக இருக்கும். இதில் கணக்கு எங்கே இருக்கிறது, பார்த்து எழுதுவதுதானே என்று தோன்றும்.

கணக்கு உள்ளே ஒளிந்திருக்கிறது. சாடியில் 100, 200, 300 என்று எண் போட்டிருக்கும். நடுவில் உள்ள சிறு கோடுகளுக்கு எண் இருக்காது. ஒரு சிறு கோட்டிலிருந்து அடுத்த சிறு கோட்டுக்கு எவ்வளவு என்பதைப் பயிற்றி சொல்வதில்லை. அதைப் பிள்ளைதான் கண்டுபிடிக்க வேண்டும். முதலாம், இரண்டாம் ஆண்டுகளில் பார்த்த அளவுகோல்களில் பெரும்பாலும் கோட்டுக்கு ஒன்றுதான். அந்தப் பழக்கத்திலேயே, 25 மில்லிலிட்டர் இடைவெளி உள்ள சாடியையும் 200 கிராம் இடைவெளி உள்ள தராசையும் "ஒன்று, இரண்டு, மூன்று" என்று பிள்ளை எண்ணிவிடுகிறது.

இந்தக் கட்டுரை அந்த ஒரு பிழையைப் பற்றியது. அது எப்படி வருகிறது, பிள்ளையின் தவறான விடையைப் பார்த்தே எந்த இடத்தில் சறுக்கியது என்று எப்படிச் சொல்லலாம், வீட்டில் எப்படித் திருத்தலாம் என்று பார்ப்போம்.

விரல்களும் இடுக்குகளும்

உங்கள் கையை விரித்துப் பாருங்கள். விரல்கள் ஐந்து. விரல்களுக்கு இடையே உள்ள இடுக்குகள் நான்குதான். அளவுகோலும் இப்படித்தான். கோடு என்பது விரல், இடைவெளி என்பது இடுக்கு. நாம் அளப்பது இடுக்குகளை. கோடு ஓர் இடைவெளி முடிந்து அடுத்தது தொடங்கும் எல்லை மட்டுமே.

எண் எழுதிய இரண்டு கோடுகளுக்கு நடுவே மூன்று சிறு கோடுகள் இருந்தால், அங்கே இருக்கும் இடைவெளிகள் நான்கு. நான்கு சிறு கோடுகள் இருந்தால் இடைவெளிகள் ஐந்து. ஒன்பது இருந்தால் பத்து. நடுவில் உள்ள சிறு கோடுகளைவிட இடைவெளி எப்போதும் ஒன்று கூடுதல். பிள்ளைகள் கண்ணில் படும் கோடுகளை எண்ணுகிறார்கள், அந்த எண்ணால் வகுக்கிறார்கள். பாதிப் பிழைகள் இங்கேயே தொடங்குகின்றன.

எனவே வீட்டில் சொல்லித் தரும்போது "எத்தனை கோடு இருக்கிறது?" என்று கேட்காதீர்கள். பென்சில் முனையை ஓர் எண்ணின் மேல் வைக்கச் சொல்லுங்கள். அங்கிருந்து அடுத்த எண் வரும் வரை, கோட்டிலிருந்து கோட்டுக்குத் தவளை தாவுவதுபோல் வளைவு போடச் சொல்லுங்கள். "எத்தனை தாவல்?" என்று கேளுங்கள். தாவலை எண்ணும் பிள்ளை இடைவெளியைத்தான் எண்ணுகிறது.

அளவுச்சாடி: நான்கு படிகள்

முதல் படத்தை எடுத்துக்கொள்வோம். சாடியில் 0 முதல் 500 மில்லிலிட்டர் வரை, நூறு நூறாக எண்கள் உள்ளன. ஒவ்வொரு நூறுக்கும் நடுவே மூன்று சிறு கோடுகள். நீர்மட்டம் 300-க்கு மேல் மூன்றாவது சிறு கோட்டில் நிற்கிறது.

முதல் படி, அடுத்தடுத்து எண் எழுதிய இரண்டு கோடுகளைத் தேர்ந்தெடுத்து அவற்றின் வித்தியாசத்தைக் காண வேண்டும். 400-இல் 300 போனால் 100.

இரண்டாம் படி, அந்த இரண்டு கோடுகளுக்கும் நடுவே தாவல்களை எண்ண வேண்டும். இங்கே நான்கு.

மூன்றாம் படி, வித்தியாசத்தைத் தாவல்களால் வகுக்க வேண்டும். 100-ஐ 4-ஆல் வகுத்தால் 25. ஆகவே ஒரு தாவலுக்கு 25 மில்லிலிட்டர்.

நான்காம் படிதான் பலர் விட்டுவிடும் படி. நீர்மட்டத்தைப் படிப்பதற்கு முன், கண்டுபிடித்த எண் சரியா என்று சோதிக்க வேண்டும். 300-இல் விரலை வைத்து, ஒவ்வொரு கோட்டிலும் 25 கூட்டிச் சொல்லிக்கொண்டே மேலே போக வேண்டும். 325, 350, 375, 400. விரல் 400 என்று அச்சடித்த கோட்டில் இருக்கும்போதே வாயும் 400 என்று சொன்னால் இடைவெளி சரி. வாயும் விரலும் வேறு வேறு இடத்தில் இருந்தால் எங்கோ தவறு.

இதன் பிறகுதான் நீர்மட்டத்தைப் படிக்க வேண்டும். மூன்றாவது சிறு கோடு, எனவே 375 மில்லிலிட்டர்.

இந்தச் சாடியில் ஒரு நன்மை உண்டு. கோடுகளை எண்ணிவிட்ட பிள்ளை 100-ஐ 3-ஆல் வகுக்கப் பார்க்கும். மீதி வரும். ஆரம்பப் பள்ளிப் பயிற்றியில் மீதி வருகிற இடைவெளியை யாரும் கொடுக்க மாட்டார்கள். ஆகவே மீதி வந்தால் அதுவே எச்சரிக்கை, திரும்பிப் போய்த் தாவலை எண்ண வேண்டும். ஆனால் எல்லாப் படங்களும் இப்படி எச்சரிக்காது. அடுத்த படம் ஏமாற்றும்.

தராசு: ஐந்து தவறான விடைகள்

இரண்டாம் படத்தில் 5 கிலோகிராம் வட்டத் தராசு. உச்சியில் 0, அங்கிருந்து கடிகாரம் சுற்றும் திசையில் 1, 2, 3, 4 என்று கிலோகிராம் எண்கள். ஒவ்வொரு கிலோகிராமுக்கும் நடுவே நான்கு சிறு கோடுகள். முள் 2-ஐத் தாண்டி மூன்றாவது சிறு கோட்டில் நிற்கிறது.

இங்கே முதலில் அலகை மாற்ற வேண்டும். 2 கிலோகிராமுக்கும் 3 கிலோகிராமுக்கும் வித்தியாசம் 1 கிலோகிராம், அதாவது 1000 கிராம். தாவல்கள் ஐந்து. 1000-ஐ 5-ஆல் வகுத்தால் 200. சோதித்துப் பார்ப்போம்: 2 கிலோ 200, 2 கிலோ 400, 2 கிலோ 600, 2 கிலோ 800, 3 கிலோ. எண்ணும் கோடும் பொருந்துகின்றன. முள் நிற்பது மூன்றாவது கோட்டில், எனவே பொருண்மை 2 கிலோகிராம் 600 கிராம்.

பிள்ளை வேறு விடை எழுதியிருந்தால் உடனே அழித்துவிடாதீர்கள். அந்த விடையே அது எப்படிச் சிந்தித்தது என்பதைக் காட்டும்.

2 கிலோகிராம் 3 கிராம் என்று எழுதியிருந்தால், கோட்டுக்கு ஒன்று என்று எண்ணியிருக்கிறது. இடைவெளி என்ற எண்ணமே இன்னும் வரவில்லை. முதல் படியிலிருந்து தொடங்க வேண்டும்.

2 கிலோகிராம் 300 கிராம் என்று எழுதியிருந்தால், இடைவெளி உண்டு என்று தெரிந்திருக்கிறது. ஆனால் எல்லாவற்றையும் பத்தாகப் பிரித்திருப்பார்கள் என்று எண்ணிவிட்டது. சென்டிமீட்டரைப் பத்தாகப் பிரித்த அடிக்கோலில் பழகிய கை இது. 2.3 கிலோகிராம் என்று எழுதினாலும் காரணம் இதுவே.

2 கிலோகிராம் 750 கிராம் என்று எழுதியிருந்தால், தாவலுக்குப் பதில் கோடுகளை எண்ணி, 1000-ஐ 4-ஆல் வகுத்து 250 என்று எடுத்திருக்கிறது. நான் ஏமாற்றும் படம் என்று சொன்னது இதனால்தான். இங்கே மீதி வரவில்லை, 250 என்பது நல்ல எண்ணாகவும் தெரிகிறது. நான்காம் படி மட்டுமே இதைக் காட்டிக்கொடுக்கும். 2 கிலோ 250, 2 கிலோ 500, 2 கிலோ 750, 3 கிலோ என்று எண்ணினால், விரல் இன்னும் நான்காவது சிறு கோட்டில்தான் இருக்கும். வாய் 3 என்று சொல்லிவிட்டது, ஆனால் 3 என்று அச்சடித்த கோடு இன்னும் ஒரு தாவல் தள்ளி இருக்கிறது.

2 கிலோகிராம் 800 கிராம் என்று எழுதியிருந்தால், பிள்ளை 200-ஐச் சரியாகவே கண்டுபிடித்திருக்கிறது. ஆனால் முள்ளை நோக்கி எண்ணும்போது 2 கிலோ கோட்டையே "ஒன்று" என்று தொடங்கிவிட்டது. அதனால் மூன்றாவது கோடு நான்காவதாகிவிட்டது. வகுத்தலை மீண்டும் சொல்லித் தர வேண்டியதில்லை. தொடங்கும் கோட்டில் நிற்கும்போது இன்னும் தாவவில்லை என்று மட்டும் சொன்னால் போதும்.

3 கிலோகிராம் 400 கிராம் என்று எழுதியிருந்தால் கொஞ்சம் வியப்பாக இருக்கும். தராசின் முகப்பை நன்றாகப் பாருங்கள். 5 கிலோ வட்டத்தில் 2-உம் 3-உம் அடிப்பகுதியில் இருக்கின்றன. கடிகாரத் திசையில் போகும்போது அங்கே 2 வலப்பக்கத்திலும் 3 இடப்பக்கத்திலும் வரும். எழுத்தை இடமிருந்து வலமாகப் படித்துப் பழகிய பிள்ளை, இடப்பக்கத்து 3-இலிருந்து தொடங்கி முள் வரை இரண்டு தாவல் எண்ணி 400-ஐக் கூட்டிவிட்டது. இதற்கு ஒரே மருந்து, முதலில் 0-இலிருந்து விரலால் வட்டமிட்டுக்கொண்டு வந்து, முள்ளுக்கு முன் கடைசியாகத் தாண்டிய எண் எது என்று சொல்லச் செய்வது. விடை அந்த எண்ணில்தான் தொடங்கும்.

ஐந்து விடைகளும் தவறுதான். ஆனால் ஐந்துக்கும் ஒரே பாடத்தைத் திரும்ப நடத்தினால் நான்கு பிள்ளைகளுக்கு அது பயன்படாது.

அடிக்கோல்: தொடக்கம் பூஜ்யமாக இல்லாதபோது

மூன்றாம் படத்தில் அடிக்கோல். ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் நடுவே நான்கு சிறு கோடுகள் மட்டுமே வரைந்திருக்கிறார்கள். பென்சிலின் ஒரு முனை 2 சென்டிமீட்டரில் இருக்கிறது. மறுமுனை 9 சென்டிமீட்டரைத் தாண்டி மூன்றாவது சிறு கோட்டில் இருக்கிறது.

1 சென்டிமீட்டர் என்பது 10 மில்லிமீட்டர். தாவல்கள் ஐந்து, ஆகவே ஒரு தாவலுக்கு 2 மில்லிமீட்டர். மறுமுனை நிற்கும் இடம் 9 சென்டிமீட்டர் 6 மில்லிமீட்டர். ஆனால் அது பென்சிலின் நீளம் அல்ல. பென்சில் 2-இல் தொடங்கியதால் அதைக் கழிக்க வேண்டும். நீளம் 7 சென்டிமீட்டர் 6 மில்லிமீட்டர்.

இங்கே இரண்டு பிழைகள் தனித்தனியாக வரும். 7 சென்டிமீட்டர் 3 மில்லிமீட்டர் என்று எழுதிய பிள்ளை கழித்திருக்கிறது, இடைவெளியைத்தான் பார்க்கவில்லை. 9 சென்டிமீட்டர் 6 மில்லிமீட்டர் என்று எழுதிய பிள்ளை இடைவெளியைச் சரியாகப் பார்த்திருக்கிறது, கழிக்க மறந்துவிட்டது. சாடியிலும் தராசிலும் எப்போதும் பூஜ்யத்திலிருந்தே படித்த பழக்கம்தான் இதற்குக் காரணம். அவற்றில் நீரும் முள்ளும் பூஜ்யத்திலிருந்து தாமாகவே நகர்கின்றன. அடிக்கோலில் பொருளை எங்கே வைப்பது என்பது நம் கையில் இருக்கிறது.

பிள்ளையின் சொந்த அடிக்கோலை எடுத்து மறுபக்கத்தையும் பாருங்கள். பல அடிக்கோல்களில் அங்கே அங்குலம் இருக்கும். ஓர் அங்குலம் பெரும்பாலும் பதினாறு இடைவெளிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். அரை, கால், அரைக்கால் அங்குலக் கோடுகள் வெவ்வேறு உயரத்தில் நிற்கும். அந்தப் பக்கம் வைத்து அளந்துவிட்டு, ஒவ்வொரு சிறு கோட்டையும் மில்லிமீட்டராக எண்ணும் பிள்ளைகள் உண்டு. தையல்காரர் பயன்படுத்தும் நாடாவிலும் ஒரு பக்கம் அங்குலம், மறுபக்கம் சென்டிமீட்டர் இருக்கும். அளக்கத் தொடங்கும் முன் எந்தப் பக்கம் என்று பார்ப்பதும் அளவெடுப்பின் ஒரு பகுதிதான்.

கோட்டின் உயரத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பல அளவுகோல்களில் நடுக்கோடு மற்றவற்றைவிட நீளமாக இருக்கும். சில பிள்ளைகள் அதை எண் எழுதிய கோடு என்று நினைத்து எண்ணுவதை அங்கேயே நிறுத்திவிடும். அந்த நீளம் நம் கண்ணுக்கு உதவியாக வைத்தது. அது பாதி வழியைக் காட்டுகிறது, அவ்வளவுதான்.

இரண்டு கோடுகளுக்கு நடுவே நின்றால்

பயிற்றியில் நீரும் முள்ளும் பெரும்பாலும் ஒரு கோட்டின் மேல் சரியாக நிற்கும். சமையலறையில் அப்படி நிற்காது. 200 கிராம் இடைவெளி உள்ள தராசில் முள் 2 கிலோ 600-க்கும் 800-க்கும் நடுவில் நின்றால், "ஏறக்குறைய 2 கிலோ 700 கிராம்" என்று சொல்லலாம். 2 கிலோ 683 கிராம் என்று சொல்ல முடியாது. அவ்வளவு நுணுக்கத்தை அந்தத் தராசு தரவில்லை. ஓர் இடைவெளியில் பாதி வரை கண்ணால் மதிப்பிடலாம், அதற்குக் கீழே போனால் ஊகம்தான். அரை கிலோ மாவை நிறுக்க 200 கிராம் இடைவெளி போதாது என்று பிள்ளைக்கு அப்போது புரியும். பல தராசுகளின் முகப்பிலேயே அதிகபட்ச எடையும் ஒரு சிறு இடைவெளியின் மதிப்பும் சிறிய எழுத்தில் அச்சாகியிருக்கும். வீட்டில் தராசு இருந்தால் தேடிப் பாருங்கள். பிள்ளை வகுத்துக் கண்டுபிடித்த எண்ணும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டும்.

நீரைப் படிக்கும்போது கண் நீர்மட்டத்துக்கு நேராக இருக்க வேண்டும். நின்றுகொண்டு மேலிருந்து பார்த்தால் உண்மையான அளவைவிடக் கூடுதலாகவும், கீழிருந்து பார்த்தால் குறைவாகவும் தெரியும். சாடியைக் கையில் தூக்கிக் கண்ணருகே பிடித்தால் அது சாய்ந்துவிடும். மேசையில் வைத்துவிட்டு நாம்தான் குனிய வேண்டும். ஒடுக்கமான கண்ணாடிச் சாடியில் நீரின் மேற்பரப்பு ஓரங்களில் ஏறி நடுவில் குழிந்திருக்கும். அந்தக் குழியின் அடிமட்டம் எந்தக் கோட்டில் இருக்கிறதோ அதையே படிக்க வேண்டும். இடைவெளி 25 மில்லிலிட்டராக இருக்கும் பெரிய சாடியில் இதனால் பெரிய வேறுபாடு வராது. இடைவெளி 1 அல்லது 2 மில்லிலிட்டர் உள்ள மெல்லிய சாடியில் விடையே மாறிவிடும்.

இதே பிழை மருந்தில் வந்தால்

பயிற்றியில் இடைவெளியைத் தவறாகப் படித்தால் ஒரு மதிப்பெண் போகும். வீட்டில் இதே தவறு பெரியவர்களுக்கும் வருகிறது, அங்கே போவது மதிப்பெண் அல்ல.

இன்சுலின் போட்டுக்கொள்ளும் பாட்டி இருக்கும் வீட்டை எடுத்துக்கொள்வோம். இன்சுலின் ஊசிக்குழல் ஒரே அளவில் வருவதில்லை. 50 யூனிட் கொள்ளும் சிறிய குழலில் பெரும்பாலும் ஓர் இடைவெளிக்கு 1 யூனிட். 100 யூனிட் கொள்ளும் பெரிய குழலில் பெரும்பாலும் ஓர் இடைவெளிக்கு 2 யூனிட். பாட்டிக்கு 14 யூனிட் என்றால், சிறிய குழலில் அது 10-ஐத் தாண்டி நான்காவது கோடு. வீட்டில் எல்லோரும் "பத்துக்கு மேல நாலாவது கோடு" என்றே நினைவில் வைத்திருப்பார்கள். ஒரு நாள் சிறிய குழல் தீர்ந்து பெரியது கைக்கு வருகிறது. அதிலும் 10-ஐத் தாண்டி நான்காவது கோடு வரை இழுத்தால் 12, 14, 16, 18. போனது 18 யூனிட். 4 யூனிட் கூடுதல். வியர்வை, நடுக்கம், மயக்கம் என்று இரத்தத்தில் சர்க்கரை குறைந்ததற்கான அறிகுறிகள் வரலாம். ஆகவே நினைவில் வைக்க வேண்டியது 14 என்ற எண்ணை, நான்காவது கோட்டை அல்ல. புதுப் பெட்டி திறக்கும் ஒவ்வொரு முறையும் இரண்டு எண்களுக்கு நடுவே தாவலை எண்ணிப் பாருங்கள்.

இன்சுலின் பேனா பயன்படுத்துபவர்களும் இதைக் கவனிக்கலாம். பல பேனாக்களின் சிறு சன்னலில் 10, 12, 14 என்று இரட்டை எண்கள் மட்டுமே தெரியும். நடுவில் உள்ள கோடு 11, 13 போன்ற ஒற்றை எண்ணைக் குறிக்கும்.

காய்ச்சல் மருந்தும் அப்படித்தான். 5 மில்லிலிட்டர் குழலில் பெரும்பாலும் ஒரு மில்லிலிட்டரை ஐந்தாகப் பிரித்திருப்பார்கள், ஓர் இடைவெளிக்கு 0.2 மில்லிலிட்டர். 3.5 மில்லிலிட்டர் கொடுக்கச் சொன்னால், அதற்கென்று ஒரு கோடே இருக்காது. 3-ஐத் தாண்டி இரண்டாவது கோடு 3.4, மூன்றாவது 3.6, இந்த இரண்டுக்கும் நடுவில்தான் 3.5. "மூன்று, அதற்கு மேல் ஐந்து கோடு" என்று எண்ணினால் 4 மில்லிலிட்டரில் போய் நிற்கும். குழப்பமாக இருந்தால் மருந்து வாங்கும்போதே மருந்தாளரிடமோ தாதியிடமோ குழலைக் கொடுத்து, இழுக்க வேண்டிய இடத்தில் பேனாவால் கோடு போட்டுத் தரச் சொல்லலாம். வீட்டுக்கு வந்து வேறு குழலை எடுத்தால் அந்தக் கோடு செல்லாது.

வீட்டிலேயே ஒரு சாடி செய்யலாம்

படத்தைப் பார்த்து மட்டும் பயிலும் பிள்ளைக்குச் சிறு கோடு எப்படி வந்தது என்று தெரியாது. அதைச் செய்யவே வைத்துவிட்டால் மறக்காது.

மேலிருந்து கீழ் வரை ஒரே அகலமாக, அடிப்பகுதி தட்டையாக உள்ள கண்ணாடிப் புட்டியோ நெகிழி டப்பாவோ ஒன்று எடுங்கள். பக்கவாட்டில் நீளமாக ஒரு காகித நாடாவை ஒட்டுங்கள். 100 மில்லிலிட்டர் நீரை அளந்து ஊற்றி, நீர்மட்டத்தில் கோடு போட்டு 100 என்று எழுதச் சொல்லுங்கள். மீண்டும் ஊற்றி 200, மீண்டும் 300. இப்போது இரண்டு எண்களுக்கு இடைப்பட்ட உயரத்துக்குச் சமமாக ஒரு காகிதத் துண்டை வெட்டி இரண்டாக மடித்து, மறுபடியும் இரண்டாக மடிக்க வேண்டும். பிரித்துப் பார்த்தால் மடிப்புகள் மூன்று, பகுதிகள் நான்கு. அந்த மடிப்புகளைப் பார்த்து நாடாவில் மூன்று சிறு கோடுகள் போடலாம். மூன்று கோடு, நான்கு பகுதி, ஒரு பகுதிக்கு 25 மில்லிலிட்டர் என்பதைப் பிள்ளை கையால் செய்து பார்த்துவிட்டது.

பிறகு கேள்வியைத் திருப்பிப் போடுங்கள். "இது எவ்வளவு?" என்று கேட்காமல், "275 மில்லிலிட்டர் ஊற்று" என்று சொல்லுங்கள். படிக்கும்போது ஊகித்துச் சரியாக எழுதிவிடும் பிள்ளை, ஊற்றும்போது ஊகிக்க முடியாது. எந்தக் கோட்டில் நிறுத்துகிறது என்று பார்த்தாலே புரிந்ததா இல்லையா என்று தெரிந்துவிடும்.

இதே வேலையை மேலே அகன்று கீழே ஒடுங்கிய குவளையில் செய்தால் ஒரு புது விஷயம் தெரியும். ஒவ்வொரு முறையும் அதே 100 மில்லிலிட்டரைத்தான் ஊற்றுகிறோம், ஆனால் மேலே போகப் போக கோடுகள் நெருங்கி வரும். கடையில் வாங்கும் பல அளவுக் குவளைகளும் அப்படித்தான் இருக்கும். அவற்றில் இடைவெளியின் அகலம் மாறும், மதிப்பு மாறாது. அந்தக் குவளையில் காகிதத்தை மடித்து நடுக்கோடு போட முடியாது, நீரை ஊற்றித்தான் போட முடியும்.

ஒரு குவளையின் அடியில் முதல் எண்ணே 100 என்று இருந்து, அதற்குக் கீழே கோடு எதுவும் இல்லாமல் இருந்தால், அந்தப் பகுதியை அதனால் அளக்க இயலாது என்று பொருள். 50 மில்லிலிட்டர் வேண்டுமென்றால் 100 கோட்டுக்குப் பாதியில் நிறுத்தக் கூடாது, சிறிய சாடிதான் வேண்டும்.

அடுத்த பயிற்றி வீட்டுக்கு வரும்போது, விடை எழுதும் முன் ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் "ஒரு தாவலுக்கு எவ்வளவு" என்று பென்சிலால் எழுதச் சொல்லுங்கள். சாடிக்குப் பக்கத்தில் 25, தராசுக்குப் பக்கத்தில் 200, அடிக்கோலுக்குப் பக்கத்தில் 2. ஆசிரியர் திருத்தும்போது விடை தவறாக இருந்தாலும், அந்தச் சிறு எண்ணைப் பார்த்தால் தவறு வகுத்தலிலா, எண்ணுவதிலா, கழிப்பதிலா என்று அவருக்கும் உடனே தெரிந்துவிடும்.